கடைசி ஆட்டம்: ஒரு வீடியோ கேம் கடை மூடிய நாளின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கடைக்காரருக்கு எழுபத்தொரு வயது. இருபத்தேழு வருடமாக அந்தக் கடையை நடத்தி வந்தார். ஒரு காலத்தில் ஆறு மெஷின் ஓடிய இடத்தில், மூடும்போது மூன்று நின்றன. அதிலும் பிள்ளைகள் விளையாடியது ஒன்றில்தான். இரண்டு பேர் எதிரெதிராக மோதும் சண்டை விளையாட்டு, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ஜாய்ஸ்டிக், ஆறு பட்டன்: குத்துக்கு மூன்று, உதைக்கு மூன்று. மற்ற இரண்டும் பேருக்கு நின்றன.

மூடுவதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. முழங்கால் வலி, குத்தகை முடிவு, பழைய பிக்சர் டியூப் கெட்டால் மாற்றுக்குப் புதியது கிடைக்காத நிலை, மூன்றும் ஒரே வருடத்தில் சேர்ந்து வந்தன. மூன்று வாரம் முன்னதாகவே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் வந்து ஆடலாம், யாரும் டோக்கன் வாங்க வேண்டாம், கடைசியில் ஒரு ஆட்டம், அதோடு சுவிட்சை அணைப்பது என்பது அவர் திட்டம்.

நான் அந்தக் கடை மெஷின்களைப் பல வருடமாகப் பழுது பார்த்து வந்தவன். ஞாயிறுக்கு மெஷின் தாங்குமா என்று பார்த்துச் சொல்லக் கூப்பிட்டிருந்தார்.

இந்தக் கடையின் ஒரு வழக்கத்தை முதலிலேயே சொல்லியாக வேண்டும். இந்த மாதிரிப் பழைய மெஷின்களுக்குள் இருக்கும் விளையாட்டு சர்க்யூட் பலகைகள் பலவற்றில் அதிகப் புள்ளி எடுத்தவர் பட்டியல் மின்சாரம் உள்ளவரைதான் நிற்கும். அணைத்துப் போட்டால் தொழிற்சாலையில் வைத்த பட்டியல் திரும்ப வந்துவிடும். அதனால் அவர் ஒவ்வொரு இரவும் சுவிட்சை அணைக்கும் முன், திரையில் உள்ள மூன்றெழுத்துப் பெயரையும் புள்ளியையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பார். தேதி, மூன்று எழுத்து, புள்ளி, ஒரு வரியில் அவ்வளவுதான். நீலப் பேனாவில் எழுதிய பதினொரு நோட்டு சேர்ந்திருந்தது.

வியாழக்கிழமை கவனித்தவை

இரண்டு கோளாறு கண்டேன். இரண்டையும் எனக்கு முன்பே பிள்ளைகள் கண்டிருந்தார்கள்.

முதலாவது, வலது பக்கம். பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி, "அண்ணா, நான் வலது பக்கம் நின்னா தோத்துடுவேன். உதை விழவே மாட்டேங்குது" என்றாள். கடைக்காரர் சிரித்தார். தோற்றவர் சொல்லும் சாக்கு என்றே அவர் பல மாதமாக எடுத்துக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் இதைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். டோக்கன் விழும் கதவுக்கு உள்ளே ஒரு சோதனை சுவிட்ச் இருக்கிறது. அதை அழுத்தினால் எந்தப் பட்டன் அழுந்துகிறது என்று திரையிலேயே காட்டும். வலது பக்கத்துப் பெரிய உதையை இருபது முறை அழுத்தினேன், பதின்மூன்று முறைதான் பதிவானது. மற்ற இரண்டு உதையும் அவ்வப்போது விட்டுப்போயின. குத்து மூன்றும் இருபதுக்கு இருபது.

மூன்று பட்டன் ஒன்றாகத் தடுமாறினால் பட்டன்களைக் கழற்றுவதில் பயன் இல்லை. மூன்றுக்கும் பொதுவான இடத்தைப் பார்க்க வேண்டும். விளையாட்டுப் பலகைக்கும் பெட்டிக்கும் இடையே 1985-ல் ஜப்பானில் வந்த ஜாம்மா என்ற பொது இணைப்பு இருக்கிறது, 56 தொடுமுனை கொண்டது. அது ஆளுக்கு மூன்று பட்டனை மனதில் வைத்து வந்தது. ஆறு பட்டன் விளையாட்டில் உதை மூன்றும் தனியாக ஒரு வயர்க்கட்டு வழியாகப் பலகைக்குப் போகும். இந்த மெஷினில் அந்தச் சொருகியில், வலது பக்கத்துக்கான ஊசிகள் கறுத்திருந்தன. ஊசிகளைப் பிடிக்கும் கூடுகளும் தளர்ந்திருந்தன.

இரண்டாவது, படம். மெஷினைப் போட்ட உடனே படத்தின் மேல் பகுதி நசுங்கி, கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்திருந்தன. பத்து நிமிடத்தில் மெல்ல விரிந்து சரியானது. பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் இந்த விளையாட்டில் இரண்டு பேருடைய 'லைஃப்' கோடும் திரையின் மேல் ஓரத்தில்தான் இருக்கிறது. அந்தப் பத்து நிமிடம், யாருக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்று ஆடுகிறவருக்குத் தெரியாது.

எடுத்த முடிவுகளும் அதற்கான காரணமும்

சொருகியை அன்றே சரிசெய்தேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, கூடுகளை ஊசியால் நெம்பி இறுக்கினேன். திரும்பச் சோதித்தபோது இருபதுக்கு இருபது வந்தது. கடைக்காரர் தானே இருபது முறை அழுத்திப் பார்த்தார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எத்தனை மாசமா அந்தப் பொண்ணு சொல்லிட்டிருந்தா தெரியுமா, தம்பி" என்றார்.

படத்தைப் பொறுத்தவரை, மானிட்டரைத் திறக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். நான் போட்ட கணக்கு இது: குளிர்ந்திருக்கும்போது மோசம், சூடானால் சரி. இது காய்ந்துபோன கன்டென்சரின் அடையாளம். படத்தை மேலும் கீழும் விரிக்கும் சர்க்யூட்டில் எலக்ட்ரோலிட்டிக் கன்டென்சர் ஒன்று இருக்கிறது. உள்ளே உள்ள திரவம் வற்றினால் அதன் உள்தடை ஏறும், சூடேறும்போது அந்தத் தடை கொஞ்சம் இறங்கும். ஆகவே முன்கூட்டியே போட்டு வைத்து, நடுவில் அணைக்காமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். பழைய மானிட்டர் போர்டை வெளியே எடுத்தால் ஒன்றைச் சரிசெய்யப் போய் வேறொன்று உடையும் ஆபத்தும் உண்டு. மூன்று நாள்தான் இருந்தது.

இரவு முழுக்க ஓடவிடலாமா என்று கடைக்காரர் கேட்டார். ஆளில்லாத கடையில் இவ்வளவு பழைய பிக்சர் டியூப் மெஷினை ஓடவிடக் கூடாது என்று மறுத்தேன். ஞாயிறு காலை ஏழரைக்குப் போடுவது, ஒன்பதுக்கு ஆட்டம் தொடங்குவது என்று முடிவானது.

வரிசை பற்றி நாங்கள் எதுவும் பேசவில்லை. கடையின் பழைய விதி எல்லோருக்கும் தெரியும்: ஜெயித்தவர் நிற்பார், தோற்றவர் வரிசையின் கடைசிக்குப் போவார். அதையே வைத்துக்கொண்டோம். அதை ஒரு முடிவு என்றே நாங்கள் நினைக்கவில்லை.

ஞாயிறு காலை

பத்தொன்பது பிள்ளைகள் வந்தார்கள். ஏழு வயதிலிருந்து பதினாலு வயது வரை. ஒரு ஆட்டம், ஆள் மாறும் நேரத்தையும் சேர்த்தால் சுமார் மூன்று நிமிடம். ஆகவே மணிக்கு இருபது ஆட்டம் நடக்கும்.

முதல் ஒரு மணி நேரத்தில் பதினாலு வயதுப் பையன் ஒருவன் தொடர்ந்து பதினொரு ஆட்டம் ஜெயித்தான். நன்றாக ஆடுகிறவன், தப்பாக எதுவும் செய்யவில்லை. ஆனால் இருபது ஆட்டத்தில் பதினொன்று அவனுடையது. சின்னப் பிள்ளைகள் முக்கால் மணி நேரம் நின்று, நாற்பது வினாடியில் தோற்று, மறுபடி கடைசிக்குப் போனார்கள். ஏழு வயதுப் பையன் ஒருவன் ஜாய்ஸ்டிக் எட்டாமல் முட்டிக்காலைப் பெட்டியில் ஊன்றி ஆடினான். ஒரு குத்துகூட விழாமல் தோற்றான்.

பத்து மணிக்குக் கடைக்காரர் என்னிடம் வந்து, "அந்தச் சின்னவன் எங்கே?" என்று கேட்டார். கடையில் இல்லை. எப்போது போனான் என்று யாருக்கும் தெரியவில்லை.

அவர் அங்கேயே விதியை மாற்றினார். மூன்று ஜெயித்தால் இறங்கிவிட வேண்டும், இரண்டு புதியவர் ஏற வேண்டும். பழைய விதியில் மூன்று ஆட்டத்துக்கு மூன்று புதியவர்தான் உள்ளே வர முடியும். இப்படிச் செய்தால், ஒருவர் மூன்றும் ஜெயித்தாலும் நான்கு பேர் வருவார்கள். ஒரு காகிதத்தில் பெயர்களை எழுதிக் கதவில் ஒட்டினார். இறங்கச் சொன்னபோது அந்தப் பதினாலு வயதுப் பையன் முகம் சுருங்கியது. "தாத்தா, இது முந்தி இல்லையே" என்றான். "முந்தி நாளைக்கும் கடை இருந்துச்சுப்பா" என்றார் அவர். பையன் இறங்கினான்.

பதினொன்றரைக்குள், மூன்று ஜெயித்து இறங்கியவர்கள் நான்கு பேர். அவர்களுக்குள் அரையிறுதி நடத்தி, கடைசி ஆட்டத்துக்கு வந்தது அதே பையனும், வலது பக்கத்தைப் பற்றிச் சொன்ன சிறுமியும். காசைச் சுண்டிப் பார்த்ததில் அவளுக்கு வலது பக்கமே விழுந்தது.

படம் விழுந்தது

ஆளுக்கு ஒரு சுற்று ஆகி, மூன்றாவது சுற்று தொடங்கிச் சில வினாடியில் படம் நடுவில் சுருண்டு ஒற்றை வெள்ளைக் கோடாகிவிட்டது. சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை. திரையில் எதுவும் தெரியாமலே, சத்தத்தை வைத்துக் கொஞ்ச நேரம் ஆடினார்கள்.

படத்தை மேலும் கீழும் இழுக்கும் சர்க்யூட் நின்றுபோனால் இப்படி ஆகும். மொத்த ஒளியும் ஒரே கோட்டில் விழுவதால், அப்படியே விட்டால் டியூபின் முகத்தில் அந்தக் கோடு தழும்பாகப் பதிந்துவிடும். உடனே அணைக்க வேண்டும். அணைத்தால் ஆட்டம் அழியும். சில பலகைகளில் ஆட்டத்தை உறைய வைக்கும் சின்ன சுவிட்ச் உண்டு. அதைத் தேடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் மின்சாரம் ஓடும் பெட்டிக்குள், பதினெட்டுப் பிள்ளைகள் சுற்றி நெருக்கிக்கொண்டிருக்கும்போது, கையை விடக் கூடாது. அணைத்தேன்.

அடுத்த முடிவு, இதைத் திறப்பதா, இத்தோடு நிறுத்துவதா என்பது. கடைக்காரர் நிறுத்திவிடலாம் என்றார். அவருக்கு என்னை நினைத்துத்தான் பயம், டியூபின் ஷாக் பற்றி நானே பல தடவை சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளை வெளியே திண்ணையில் உட்கார வைத்தால் திறக்கிறேன் என்றேன். அவர் நோட்டுகளை எடுத்துக்கொண்டு அவர்களோடு வெளியே போனார்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் டியூப் ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தேக்கி வைத்திருக்கும். பிடி நன்றாக உள்ள ஒரு ஸ்க்ரூ டிரைவரின் கம்பியில் ஒரு வயரைக் கட்டி, மறுமுனையை டியூபைச் சுற்றி ஓடும் பின்னல் எர்த்தில் கவ்வ வைத்தேன். ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, ரப்பர் மூடிக்கு அடியில் முனையைச் செருகினேன். 'டப்' என்றது. சில நிமிடம் விட்டு இன்னொரு தடவை செய்தேன். முதல் தடவைக்குப் பிறகும் டியூபில் கொஞ்சம் மின்னேற்றம் திரும்பி ஊறும் என்பதால் இரண்டாவது தடவை அவசியம்.

போர்டைத் திருப்பிப் பார்த்ததும் புரிந்தது. படத்தை விரிக்கும் ஐ.சி.யின் கால்கள் இரண்டைச் சுற்றி, சால்டரில் முடி அளவுக்கு ஒரு கறுப்பு வளையம். அந்த ஐ.சி. சூட்டை இழுத்து வெளியே விடும் ஒரு ஹீட் சிங்க்கில் பிணைந்திருப்பது. வருடக்கணக்காகச் சூடாகி, குளிர்ந்து, அந்த இடத்தில் சால்டர் வெடித்திருந்தது. சூடேறினால் கால் நகரும், வெடிப்பு திறக்கும். அதாவது படத்துக்கே இரண்டு கோளாறு இருந்தது. கன்டென்சருக்குச் சூடு நல்லது, வெடிப்புக்குச் சூடு கெட்டது. நான் முதலாவதை மட்டும் கண்டு, அதற்கு மருந்தாக நாலு மணி நேரம் சூடேற்றினேன். இரண்டாவதை அதுவே திறந்துவிட்டது.

பழைய சால்டரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தேன். கன்டென்சரையும் மாற்றியிருப்பேன். பையில் இருந்தது குறைந்த வோல்ட்டேஜ் உள்ளது, அதைப் போடக் கூடாது. நாற்பது நிமிடம் ஆனது.

வெளியே அவர் நோட்டைப் படித்துக்கொண்டிருந்தார். தேதியைச் சொல்லி, மூன்று எழுத்தைச் சொல்லி, இது யார் என்று கேட்பார். ஒரு பையன் தன் மாமாவின் எழுத்தைக் கண்டுபிடித்தான். ஒரே எழுத்துக்கு இரண்டு பேர் சொந்தம் கொண்டாடினார்கள். வேலை முடிந்தது என்று சொல்லப் போனபோது, அந்த வருடத்தை முடித்துவிட்டு வருகிறோம் என்றார்கள்.

மெஷினைப் போட்டால், குளிர்ந்திருந்ததால் மேல் பகுதி மறுபடி நசுங்கியிருந்தது. லைஃப் கோடு தெரியவில்லை. இப்படியே ஆடலாம் என்று பையன் சொன்னான். சிறுமி முடியாது என்றாள். கடைக்காரர் அவள் பக்கம் நின்றார். பத்து நிமிடம் காத்திருந்தோம்.

விட்ட சுற்றை எப்படி முடிப்பது? மெஷின் ஒன்றுக்கு ஒன்று என்ற நிலையிலிருந்து தொடங்காது. பிள்ளைகளே வழி சொன்னார்கள்: புதிய ஆட்டம் தொடங்கி, அதன் முதல் சுற்றையே மூன்றாவது சுற்றாகக் கொள்வது. அப்படியே ஆடினார்கள். பையன் ஜெயித்தான், மிக நெருக்கமாக. சிறுமி பட்டனிலிருந்து கையை எடுத்து, என்னைத் திரும்பிப் பார்த்து, "பட்டன்ல தப்பு இல்லைண்ணா" என்றாள்.

கடைக்காரர் திரையைப் பார்த்து நோட்டில் எழுதினார். சுவிட்சை அணைத்தார்.

அதன் பிறகு

மறுநாள் மெஷினை ஏற்றிப்போக ஆள் வருவதாக இருந்தது. இளவயதில் அங்கே ஆடிய ஒருவர் தன் வீட்டுக்குக் கேட்டிருந்தார். வண்டி வரும் முன் கடைக்காரர் அந்த ஏழு வயதுப் பையனின் வீட்டுக்குப் போய் அவனைக் கூட்டி வந்தார். ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அவனை ஏற்றி நிறுத்தி, தானே எதிர்ப்பக்கம் நின்றார். இத்தனை வருடத்தில் அவர் ஆடி நான் பார்த்ததில்லை. இரண்டு பேருக்கும் எந்தப் பட்டன் எதற்கு என்று தெரியாது. நாலு ஆட்டம் ஆடினார்கள். பையன் இரண்டு ஜெயித்தான். அவன் புள்ளி திரைப் பட்டியலில் ஏறும் அளவுக்கு இல்லை. அவர் அவனிடம் மூன்று எழுத்து கேட்டு, ஞாயிற்றுக்கிழமை வரிக்குக் கீழே எழுதிக்கொண்டார்.

மற்ற இரண்டு மெஷினும் உதிரிக்காகப் போயின. இரண்டு வாரம் கழித்து, சண்டை மெஷினின் புது இடத்துக்குப் போய்ச் சரியான கன்டென்சரை மாற்றினேன். இப்போது போட்ட உடனே படம் முழுதாக வருகிறது. நோட்டுகள் அவரிடமே இருக்கின்றன. பக்கங்களைப் படம் எடுத்துக்கொள்ளப் பிள்ளைகள் அவர் வீட்டுக்குப் போய் வருகிறார்கள்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

வியாழக்கிழமையே நான் தட்டிப் பார்த்திருக்க வேண்டும். பின்பக்கத்தைத் திறந்து, மெஷின் நன்றாகச் சூடான பிறகு, காய்ந்த மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் குச்சியாலோ போர்டின் ஓரத்தை லேசாகத் தட்டினால், வெடித்த சால்டர் இருக்கும் இடத்தில் படம் ஆடும். பிள்ளைகள் இல்லாத நேரத்தில் பழகிய ஆள் மட்டும் செய்யக் கூடிய சோதனை, இரண்டு நிமிட வேலை. ஒரு கோளாறுக்கு விளக்கம் கிடைத்ததும் தேடுவதை நிறுத்தினேன். குளிரில் பத்து நிமிடம் பார்த்தேன், சூட்டில் மூன்று மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்கவில்லை. ஞாயிறு அது அத்தனை நேரம் ஓடப்போகிறது என்று தெரிந்திருந்தும் பார்க்கவில்லை.

மூன்று நாள் முன்னால் கூப்பிடுவதும் தாமதம். மூடப்போவதை மூன்று வாரம் முன்பே சொன்னவர், அப்போதே என்னைக் கூப்பிட்டிருந்தால் கன்டென்சரை வரவழைத்திருக்கலாம். இதை அவரிடமும் சொன்னேன், ஒப்புக்கொண்டார்.

வரிசைதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. தினமும் கடை திறந்திருக்கும்போது ஜெயித்தவர் நிற்பது நல்ல விதி. தோற்ற பிள்ளை நாளை வரும், கூட்டம் குறைவாக இருக்கும்போது ஆடிப் பழகும். ஒரே நாள் மிச்சம் இருக்கும்போது அதே விதி பெரியவர்களுக்கான விதியாகிவிடுகிறது. மூன்று ஜெயித்தால் இறங்குவதும், ஏறி நிற்க ஒரு மரப்பெட்டியும், கதவில் பெயர்க் காகிதமும் ஒன்பது மணிக்கே இருந்திருக்க வேண்டும். காகிதம் முதலிலிருந்தே ஒட்டியிருந்தால், அந்தச் சின்னவன் முறை வரும்போது பெயரைக் கூப்பிட்டிருப்போம். அவன் போன சில நிமிடத்திலேயே தெரிந்திருக்கும்.